விண்ணப்பம் கிடைத்தது என்று இரண்டு வரியில் பதில் எழுதுவது எப்படி

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரிடம் முதலில் வந்து சேரும் வேலைகளில் ஒன்று இது: “வர்ற ரெஸ்யூமுக்கெல்லாம் ஒரு பதில் போட்டுடுங்க.” என்ன எழுத வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் பலரும் ‘நன்றி, விரைவில் தொடர்பு கொள்கிறோம்’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். விண்ணப்பித்தவருக்குத் தெரிய வேண்டியது எதுவும் அதில் இல்லை. அவருக்கு மூன்று கேள்விகள் இருக்கின்றன. நான் அனுப்பியது வந்து சேர்ந்ததா? எப்போது பார்ப்பீர்கள்? பார்த்த பிறகு என்ன நடக்கும்? முதல் கேள்விக்கு ஒரு வரி, மற்ற இரண்டுக்கும் சேர்த்து ஒரு வரி. அவ்வளவு போதும்.

ஒரு கற்பனை அலுவலகத்தை வைத்தே முழுவதையும் பார்க்கலாம். திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை நிறுவனம். கணக்குப் பிரிவுக்கு உதவியாளர் ஒருவர் தேவை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் 5, வெள்ளிக்கிழமை. பதில் அனுப்பும் பொறுப்பு உங்களுடையது. நீங்கள் அனுப்பப் போகும் பதில் இப்படி இருக்கும்:

> வணக்கம் (பெயர்). கணக்கு உதவியாளர் வேலைக்கு ஜூன் 2 அன்று நீங்கள் அனுப்பிய விண்ணப்பமும் ரெஸ்யூமும் கிடைத்தன. ஃபைல் சரியாகத் திறக்கிறது.
>
> எல்லா விண்ணப்பங்களையும் படித்துவிட்டு ஜூன் 18, வியாழக்கிழமைக்குள் உங்களுக்கு முடிவைச் சொல்கிறோம். அழைக்கப்படுபவர்களுக்கு ஜூன் 23, 24 தேதிகளில் எங்கள் அலுவலகத்தில் நேர்காணல், மற்றவர்களுக்கும் இதே மெயிலில் தகவல் வரும்.

இதற்குக் கீழே உங்கள் பெயர், பொறுப்பு, நிறுவனத்தின் பெயர். பார்க்க எளிதாக இருக்கிறது. ஆனால் இரண்டாவது வரியில் உள்ள தேதி தானாக வந்துவிடாது. உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

வேலை அறிவிப்பு வெளியே போவதற்கு முன்பே இந்தத் தேதி உங்கள் கையில் இருக்க வேண்டும். முதல் விண்ணப்பம் வந்த பிறகு யோசிக்க ஆரம்பித்தால், முதல் பத்துப் பேருக்கு ஒரு தேதியும் அடுத்த பத்துப் பேருக்கு வேறொரு தேதியும் போய்விடும். ஒரே கல்லூரியில் படித்தவர்கள் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது அவர்கள் பதில்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

தேதியைக் கண்டுபிடிக்க மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை விண்ணப்பம் வரும்? யார் படிப்பார்? அவருக்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் கிடைக்கும்? போன முறை இதே மாதிரி வேலைக்கு எத்தனை வந்தது என்று பழைய மெயில்களைப் பார்த்தால் முதல் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைக்கும். நம் நிறுவனத்தில் சுமார் 90 வரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரெஸ்யூமை முதல் முறை ஒழுங்காகப் படித்து, அழைக்கலாமா வேண்டாமா என்று குறித்துவைக்க 4 நிமிடம். மொத்தம் 360 நிமிடம், அதாவது 6 மணி நேரம்.

படிக்கப் போவது கணக்கு மேலாளர். மாலையில் தினம் ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்கிறார். அப்படியானால் 6 வேலை நாட்கள் வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நிறுவனத்தில் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1க்குக் கடைசி நாள், 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பிக்குக் கடைசி நாள். அந்த நாட்களை ஒட்டி ஒரு கணக்கு மேலாளர் ரெஸ்யூம் படிப்பார் என்று எதிர்பார்ப்பது வீண். எனவே ஜூன் 10, 11 இரண்டையும் தள்ளிவிடுங்கள். ஜூன் 8 திங்கள், 9 செவ்வாய், 12 வெள்ளி, 13 சனி, 15 திங்கள், 16 செவ்வாய். ஆறு நாட்கள் ஆகிவிட்டன. 17ஆம் தேதி முதலாளி சுருக்கப் பட்டியலைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதற்கு மேல் ஒரு நாளைக் கையில் வைத்துக்கொண்டால் ஜூன் 18, வியாழன். நேர்காணல் 20ஆம் தேதி கழிந்த பிறகு, 23, 24.

விண்ணப்பங்களை வர வரப் படித்துவிட்டால் இன்னும் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். முடியலாம். ஆனால் தேதி கணக்கிடும்போது அதை நம்பாதீர்கள். கடைசி இரண்டு நாட்களில்தான் நிறைய விண்ணப்பங்கள் குவியும். மேலாளரும் எல்லாம் வந்த பிறகு ஒன்றாகப் பார்க்கவே விரும்புவார்.

கணக்குப் போட்டு முடித்ததும் அந்தத் தேதியைப் படிக்கப் போகிறவரிடமே காட்டி, “18க்குள் முடித்துவிடுவீர்களா சார்?” என்று கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். அவரைக் கேட்காமல் நீங்களே போட்ட தேதிக்கு அவர் கட்டுப்பட மாட்டார், அப்புறம் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

‘பத்து வேலை நாட்களுக்குள்’ வேண்டாம், தேதியே போடுங்கள்

‘பத்து வேலை நாட்களுக்குள்’ என்று எழுதினால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? அவர் அனுப்பிய நாளா, நீங்கள் பதில் போட்ட நாளா, கடைசி நாளா? சனிக்கிழமை உங்கள் நிறுவனத்தில் வேலை நாள், அவர் இப்போது இருக்கும் இடத்தில் விடுமுறையாக இருக்கலாம். இரண்டு பேரும் வேறு வேறு தேதியில் வந்து நிற்பீர்கள். அவருடைய கணக்கில் நாள் தாண்டியதும் ஃபோன் வரும்.

தேதியோடு கிழமையையும் எழுதுங்கள். தேதியைத் தவறாக அடித்துவிட்டால் கிழமை காட்டிக்கொடுக்கும். ‘ஜூன் 18, ஞாயிறு’ என்று இருந்தால் அனுப்புவதற்கு முன்பே உங்கள் கண்ணில் படும்.

அடுத்தது ‘என்ன நடக்கும்’ என்ற பகுதி. இதில் புதியவர்கள் விட்டுவிடுவது, தேர்வாகாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதை. ‘தேர்வு செய்யப்பட்டவர்கள் மட்டும் அழைக்கப்படுவார்கள்’ என்று பல இடங்களில் போடுகிறார்கள். வேறு வழியே இல்லையென்றால், அதோடு ஒரு தேதியையாவது சேர்க்க வேண்டும்: ‘ஜூன் 18க்குள் அழைப்பு வராவிட்டால் இந்த முறை நீங்கள் தேர்வாகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.’ தேதி இல்லாமல் அந்த வாக்கியத்தை எழுதினால் ஒருவர் மாதக்கணக்கில் காத்திருப்பார். என் கருத்து, எல்லாருக்குமே முடிவைச் சொல்லிவிடுவதுதான் சரி. 90 பேருக்கு ஒரே மாதிரியான ஒரு வரியை அனுப்ப ஒரு மதியப் பொழுது போதும். ஆனால் செய்ய முடியும் என்றால் மட்டும் ‘மற்றவர்களுக்கும் தகவல் வரும்’ என்று எழுதுங்கள்.

முதல் வரி: திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்

‘கிடைத்தது’ என்று எழுதுவதற்கு முன் ஃபைலை ஒருமுறை திறந்து பாருங்கள். படிக்க வேண்டாம், திறந்தால் போதும். ரெஸ்யூமை இணைக்க மறந்துவிட்டு ‘இணைத்துள்ளேன்’ என்று மட்டும் எழுதுபவர்கள் உண்டு. கூகுள் டிரைவ் லிங்க் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் பார்க்க அனுமதி கொடுக்காமல் விட்டிருப்பார்கள். திறந்தால் அனுமதி கேட்கச் சொல்லும். சிலர் சான்றிதழை ஃபோனில் படமெடுத்து அனுப்பியிருப்பார்கள், பாதி வெட்டுப்பட்டிருக்கும். திறக்காமலேயே ‘கிடைத்தது’ என்று நீங்கள் எழுதிவிட்டால், அவர் நிம்மதியாக இருந்துவிடுவார். 16ஆம் தேதி மேலாளர் திறந்து பார்க்கும்போது உள்ளே ஒன்றும் இருக்காது.

ஏதாவது குறை இருந்தால் பதில் மாறும், ஆனால் அதுவும் இரண்டு வரிதான்:

> வணக்கம் (பெயர்). கணக்கு உதவியாளர் வேலைக்கான உங்கள் மெயில் ஜூன் 2 அன்று கிடைத்தது. ஆனால் ரெஸ்யூமுக்குக் கொடுத்த லிங்க் எங்களுக்குத் திறக்கவில்லை.
>
> ஜூன் 5, வெள்ளி மாலை 5 மணிக்குள் அதை பிடிஎஃப் ஆக இந்த மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள். வந்ததும் மற்ற விண்ணப்பங்களோடு சேர்த்துப் படித்து ஜூன் 18, வியாழக்கிழமைக்குள் முடிவைச் சொல்கிறோம்.

வேலையின் பெயரை முதல் வரியில் கட்டாயம் எழுதுங்கள். ஒருவர் ஒரே வாரத்தில் பல இடங்களுக்கு விண்ணப்பித்திருப்பார். உங்கள் நிறுவனத்திலேயே கணக்கு உதவியாளர், ஸ்டோர்ஸ் உதவியாளர் என்று இரண்டு வேலைக்கு அறிவிப்பு இருந்தால் குழப்பம் இன்னும் அதிகம். அவர் எந்த வேலைக்கு அனுப்பினார் என்று மெயிலில் சொல்லாமல் விட்டிருந்தால், நீங்களாக ஊகித்து எழுதாமல் கேட்டுவிடுங்கள்.

பெயரை ரெஸ்யூமிலிருந்து எடுங்கள். மெயிலில் ‘அனுப்புநர்’ என்று தெரியும் பெயர் சில சமயம் அண்ணனுடையதாக இருக்கும், சில சமயம் பிரவுசிங் சென்டருடையதாக இருக்கும். இன்னொன்று, நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியலை விரித்து எழுதும்போது அப்பா பெயர் முன்னாலோ பின்னாலோ வந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு அப்பா பெயரைச் சொல்லி ‘வணக்கம்’ போட்டால் படிப்பவருக்குச் சங்கடம். எது அவருடைய பெயர் என்று தெரியாவிட்டால் ரெஸ்யூமில் உள்ளபடி முழுப் பெயரையும் எழுதிவிடுங்கள். திரு, திருமதி, செல்வி எதுவும் தேவையில்லை; ஊகித்துப் போட்டுத் தவறாகப் போவதைவிடப் பெயரோடு நிறுத்துவது மரியாதையானது.

நல்ல மனசோடு எழுதும் வார்த்தைகளில் உள்ள ஆபத்து

இரண்டு வரி கறாராகத் தெரிகிறதே என்று நினைத்துப் புதியவர்கள் கொஞ்சம் இனிப்புச் சேர்ப்பார்கள். ‘உங்கள் அனுபவம் எங்களுக்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது.’ ‘உங்கள் விண்ணப்பத்தை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டோம்.’ அனுப்புகிறவருக்கு இது வெறும் மரியாதை. வேலை தேடிக்கொண்டிருக்கிற ஒருவர் இதை அப்படிப் படிக்க மாட்டார். ‘ஏற்றுக்கொண்டோம்’ என்றால் பாதி வேலை கிடைத்த மாதிரிதான் எடுத்துக்கொள்வார். இதை நம்பி வேறு இடத்தில் வந்த வாய்ப்பை ஒருவர் தள்ளிப்போட்டால் அந்த இழப்பு முழுக்க அவருடையது. ‘கிடைத்தது’ அல்லது ‘வந்து சேர்ந்தது’ என்று மட்டும் எழுதுங்கள். ரெஸ்யூமைப் பற்றி எந்தக் கருத்தும் இந்தக் கட்டத்தில் வேண்டாம், ஏனென்றால் அதை இன்னும் யாரும் படிக்கவில்லை.

சம்பளம், தங்குமிடம், வேலை நேரம் பற்றி விண்ணப்பத்தில் கேள்வி கேட்டிருந்தால் அதற்கும் இந்தப் பதிலில் இடமில்லை. ‘அதை நேர்காணலில் பேசலாம்’ என்றுகூட எழுத வேண்டாம். நேர்காணலுக்கு அழைப்போம் என்று அவர் புரிந்துகொள்வார். அறிவிப்பிலேயே விடை இருந்தால் அந்தப் பகுதியைச் சுட்டிக்காட்டுங்கள்.

அனுப்பும் முறை

விண்ணப்பம் வந்த அடுத்த வேலை நாளுக்குள் பதில் போக வேண்டும். ஒவ்வொரு மெயில் வரும்போதும் செய்துகொண்டிருந்த வேலையை விட்டு ஓட வேண்டியதில்லை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை உட்கார்ந்து வந்தவற்றுக்கெல்லாம் அனுப்பினால் சரியாக இருக்கும்.

ஜிமெயில் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கணினியில் `Settings` → `See all settings` → `Advanced` பக்கத்துக்குப் போய் `Templates` என்பதற்கு நேராக `Enable` கொடுத்து, கீழே `Save Changes` அழுத்துங்கள். பிறகு புது மெயில் ஒன்றைத் திறந்து இரண்டு வரிகளையும் எழுதி, கீழே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி `Templates` → `Save draft as template` என்று சேமித்துவிடலாம். அடுத்த முறை விண்ணப்பத்துக்குப் பதில் எழுதும்போது அதே இடத்திலிருந்து எடுத்து, பெயரையும் வந்த தேதியையும் மட்டும் மாற்றுங்கள். மாற்ற வேண்டிய இடங்களில் அடைப்புக்குறி போட்டு வைத்திருந்தால் மறந்துபோனது உடனே தெரியும்.

இதையே தானாக அனுப்ப ஜிமெயிலில் வழி இருக்கிறது. ஆனால் 90 விண்ணப்பத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தானாகப் போகும் பதிலுக்கு ஃபைல் திறக்கிறதா என்று தெரியாது, பெயரும் தெரியாது. விடுமுறைப் பதில் வசதியை இதற்குப் பயன்படுத்துவது இன்னும் மோசம்: ஒரே ஆள் நான்கு நாட்களுக்குள் மறுபடி எழுதினால் இரண்டாவது மெயிலுக்குப் பதில் போகாது. முதல் மெயிலில் ரெஸ்யூமை இணைக்க மறந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி அனுப்பியவருக்கு இரண்டாவது மெயில் வந்ததா என்பதே தெரியாமல் போகும்.

அவர் அனுப்பிய மெயிலுக்கே பதில் போடுங்கள், புது மெயிலாக எழுதாதீர்கள். அப்போதுதான் அவர் அனுப்பியதும் உங்கள் பதிலும் ஒரே இடத்தில் இருக்கும். நேரத்தை மிச்சப்படுத்த எல்லா முகவரிகளையும் பெறுநர் பகுதியில் வரிசையாகப் போட்டு ஒரே மெயிலாக அனுப்புவதை எந்தக் காரணத்துக்கும் செய்ய வேண்டாம். யார் யார் விண்ணப்பித்தார்கள் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். திருப்பூர் மாதிரி ஊரில், இப்போது பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே விண்ணப்பித்தவரின் பெயர் அன்று மாலைக்குள் அவருடைய மேலாளரிடம் போய்ச் சேரலாம்.

வேலைத்தளங்கள் வழியாக வரும் விண்ணப்பங்களில் ஒரு சிக்கல் உண்டு. உங்களுக்கு வரும் அறிவிப்பு மெயில் அந்தத் தளத்தின் முகவரியிலிருந்து வந்திருக்கும். அதற்குப் பதில் போட்டால் விண்ணப்பித்தவருக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அனுப்புவதற்கு முன் முகவரியைப் பாருங்கள். `noreply` என்று இருந்தால் ரெஸ்யூமில் உள்ள முகவரிக்குத் தனியாக எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் ரெஸ்யூம் அனுப்புபவர்களும் நிறைய. நீல டிக் வந்துவிட்டதே, அவருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். யாரோ திறந்து பார்த்தார்கள் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. நிறுவனத்தின் எண் வாட்ஸ்அப் பிசினஸில் இருந்தால் `Quick replies` என்ற இடத்தில் இந்த இரண்டு வரிகளைச் சேமித்து ஒரு சின்னப் பெயர் கொடுங்கள். அப்புறம் `/` அடித்து அந்தப் பெயரைத் தொட்டால் முழுச் செய்தியும் வந்துவிடும். உங்கள் சொந்த எண்ணிலிருந்து மட்டும் அனுப்ப வேண்டாம். இரவு பத்து மணிக்கும் “சார், என் விண்ணப்பம் என்னாச்சு?” என்று ஃபோன் வரும், நீங்கள் வேறு வேலைக்குப் போன பிறகும் வரும்.

அனுப்பியதைக் குறித்துவையுங்கள்

ஒரு எக்செல் பக்கம் போதும். பெயர், ஃபோன், எந்த வழியில் வந்தது, வந்த தேதி, பதில் அனுப்பிய தேதி, முடிவு, முடிவைச் சொன்ன தேதி. கடைசிக் கட்டம் காலியாக இருப்பவர்கள் எல்லாரும் நீங்கள் இன்னும் பதில் சொல்ல வேண்டியவர்கள். ஒரே ஆள் மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பியிருந்தால் ஃபோன் எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

கடைசி நாள் மாலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து எண்ணுங்கள். 90 எதிர்பார்த்த இடத்தில் 150 வந்திருக்கிறது என்றால் 6 மணி நேரம் 10 மணி நேரமாகிவிட்டது. மேலாளருக்கு இன்னும் நான்கு நாட்கள் வேண்டும். 16க்குப் பிறகு நான்கு நாட்கள் என்றால் நேராகப் போய் 20ஆம் தேதியில் முட்டும். 18க்குள் முடியாது என்பது ஜூன் 5ஆம் தேதியே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒன்று, படிப்பதற்கு இன்னொருவரைக் கேளுங்கள். முடியாதென்றால் தேதியை மாற்றி எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள், அதுவும் பழைய தேதி வருவதற்கு முன்பே:

> கணக்கு உதவியாளர் வேலைக்கு எதிர்பார்த்ததைவிட அதிக விண்ணப்பங்கள் வந்திருப்பதால், ஜூன் 18 அன்று சொல்வதாக இருந்த முடிவை ஜூன் 25, வியாழக்கிழமைக்குள் சொல்கிறோம்.
>
> நேர்காணல் ஜூன் 29, 30 தேதிகளுக்கு மாறுகிறது. நீங்கள் மறுபடி எதையும் அனுப்ப வேண்டியதில்லை.

‘மறுபடி எதையும் அனுப்ப வேண்டியதில்லை’ என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் பாதிப் பேர் ரெஸ்யூமைத் திரும்ப அனுப்புவார்கள், உங்கள் எக்செல் பக்கத்தில் 150 என்பது 200 ஆகிவிடும். தேதியை ஒருமுறை மாற்றலாம். இரண்டாவது முறை மாற்ற வேண்டிய நிலை வந்தால், அதை மெயிலில் அனுப்புவதற்கு முன் முதலாளியிடம் போய்ப் பேசுங்கள்; பெரும்பாலும் அந்த வேலையிடமே இன்னும் முடிவாகவில்லை என்பது அங்கேதான் தெரியவரும்.

கடைசி நாள் முடிந்த பிறகும் விண்ணப்பங்கள் வரும். அவற்றுக்கும் அதே பழைய பதிலை அனுப்பிவிடாதீர்கள். தாமதமாக வந்ததைப் படிப்பதா வேண்டாமா என்று மேலாளரிடம் ஒருமுறை கேட்டு, எல்லாருக்கும் ஒரே விதியை வையுங்கள். படிப்பதில்லை என்று முடிவானால் அதை நேராகச் சொல்லுங்கள்:

> வணக்கம் (பெயர்). கணக்கு உதவியாளர் வேலைக்கு உங்கள் விண்ணப்பம் ஜூன் 8 அன்று கிடைத்தது. கடைசி நாள் ஜூன் 5 என்பதால் இந்த முறை இதைப் பார்க்க இயலவில்லை.
>
> இந்த விண்ணப்பத்தின் மேல் வேறு நடவடிக்கை இருக்காது. அடுத்து அறிவிப்பு வரும்போது நீங்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

‘உங்கள் ரெஸ்யூமைக் கோப்பில் வைத்திருக்கிறோம், வாய்ப்பு வந்தால் அழைக்கிறோம்’ என்று சேர்க்கலாமா என்று கேட்பார்கள். அப்படி ஒரு கோப்பை உண்மையில் வைத்து, அடுத்த முறை ஆள் தேடும்போது அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் சேர்க்கலாம். இல்லையென்றால் அந்த வரி வேண்டாம்.